ஸ்ரீசிட்டி கம்பெனிக்கு மாற: அங்கே இருப்பவர்களின் புரொஃபைலில் எதைப் பார்ப்பது, நம்முடையதில் எதை மாற்றுவது?

"அண்ணா, எனக்கு ஊர் சத்தியவேடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு அலுமினியம் டை காஸ்டிங் கம்பெனியில் நாலு வருஷமாக க்யூசி சூப்பர்வைசர். டிப்ளமா மெக்கானிக்கல். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்ரீசிட்டியில் இருக்கும் ஏசி தயாரிக்கும் பெரிய கம்பெனிக்கு மாற வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களின் லிங்க்ட்இன் புரொஃபைலைப் பார்த்து அதே மாதிரி நம்முடையதை மாற்றச் சொல்கிறார்கள். எத்தனை பேருடையதைப் பார்ப்பது, எதை எடுப்பது, எவ்வளவு மாற்றலாம்?"

முப்பது நாற்பது பேருடையதைப் பாருங்கள் தம்பி. ஆனால் உங்களுக்கு உண்மையில் வழி காட்டப்போவது அதில் ஐந்தாறு பேருடையதுதான். கடந்த மூன்று வருஷத்துக்குள் வெளியிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தவர்கள், அதிலும் உங்களைப் போல ஒரு சப்ளையர் கம்பெனியிலிருந்து போனவர்கள். நீங்கள் தினமும் செய்கிற வேலையை அந்த கம்பெனிக்குள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய வாக்கியங்களைத் தொட வேண்டாம். உங்கள் ஆர்டர் லெட்டரில் இருக்கும் பதவிப் பெயர், சேர்ந்த தேதி, நீங்கள் செய்யாத வேலை, இந்த மூன்றிலும் கை வைக்காதீர்கள். மீதி எல்லாவற்றையும் தாராளமாக மாற்றலாம்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு எதை எடுப்பது எதை விடுவது என்று உங்களுக்கே புரிந்துவிடும். ஆள் எடுக்கிறவர் லிங்க்ட்இன்னிலோ நௌக்ரியிலோ உட்கார்ந்தால் முதலில் தட்டுவது ஒரு பதவிப் பெயர், ஒரு திறமை, ஒரு ஊர். அவருக்குப் பழக்கமான பெயர் அவருடைய கம்பெனியில் புழங்கும் பெயர்தான். அங்கே எல்லோரும் குவாலிட்டி இன்ஜினியர் என்றால் அவர் அதைத்தான் தட்டுவார். நீங்கள் அதே வேலையை நாலு வருஷம் செய்திருந்தாலும் உங்கள் பக்கத்தில் க்யூசி சூப்பர்வைசர் என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை என்றால், அவர் பார்க்கும் முதல் இரண்டு மூன்று பக்கங்களுக்குள் நீங்கள் வர மாட்டீர்கள். சூப்பர்வைசர் என்ற சொல்லுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கும்மிடிப்பூண்டியில் சின்ன யூனிட்டுகளில் அது டிப்ளமா முடித்த ஸ்டாஃப். பெரிய ஆலைகள் பலவற்றில் அது ஆபரேட்டருக்கு ஒரு படி மேலே, பல நேரம் கான்ட்ராக்டர் வைத்திருக்கும் ஆள். படிக்கிறவர் மனத்தில் நீங்கள் ஒரு படி கீழே போய் உட்கார்ந்துவிடுகிறீர்கள்.

இப்போது தேடுவது. லிங்க்ட்இன்னில் அந்த கம்பெனியின் பக்கத்துக்குப் போய் பீப்பிள் என்ற பகுதியைத் திறந்தால் ஊழியர்கள் எங்கே இருக்கிறார்கள், எங்கே படித்தார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று பிரித்துக் காட்டும். அங்கே முதலில் தெரியும் கணக்கை நம்பிவிடாதீர்கள். ஏசி கம்பெனி என்றால் நாடு முழுக்க விற்பனையும் சர்வீஸும் இருக்கும். அவர்கள்தான் லிங்க்ட்இன்னில் அதிகம். சர்வீஸ் இன்ஜினியர், ஏரியா சேல்ஸ் மேனேஜர் என்று வரிசையாக வரும். அது உங்கள் ஆலையின் மொழி இல்லை. மேலே இருக்கும் தேடல் பெட்டியில் quality என்று போட்டுச் சுருக்குங்கள்.

ஊரை வைத்துச் சுருக்கும்போதுதான் நம் பகுதி ஆட்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். ஸ்ரீசிட்டி இருக்கும் இடம் ஒரு காலத்தில் பாதி சித்தூர் மாவட்டம், பாதி நெல்லூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிரிந்தபோது எல்லாம் அதற்குள் வந்தது. அதனால் பழைய புரொஃபைலில் நெல்லூர் அல்லது சித்தூர் என்று இருக்கும், புதியதில் திருப்பதி. சிலர் தடா, சிலர் சூலூர்பேட்டை. அதோடு ஸ்டாஃப் லெவலில் நிறையப் பேர் சென்னையில் குடியிருந்து கம்பெனி பஸ்ஸில் தினமும் வந்து போகிறவர்கள். அவர்கள் சென்னை என்றே போட்டிருப்பார்கள். திருப்பதி என்று மட்டும் வடிகட்டினால் உங்களுக்கு மிகவும் தேவைப்பட்ட ஆட்களே விழுந்துவிடுவார்கள். ஆகவே சென்னை, திருப்பதி, நெல்லூர், சித்தூர் என எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஒவ்வொரு புரொஃபைலிலும் அனுபவப் பகுதிக்குள் போய் அவர் எந்த ஆலை என்று பாருங்கள். ஒரே கம்பெனிக்கு வடக்கே இன்னொரு ஆலை இருந்தால் அங்கே பதவிப் பெயர்கள் வேறாக இருக்கலாம்.

இலவசக் கணக்கில் ரொம்பத் தேடினால் அந்த மாதத்துக்கான தேடல் அளவு முடிந்துவிட்டது என்று சொல்லி நிறுத்திவிடும். அடுத்த மாதம் முதல் தேதிதான் திறக்கும். உங்கள் தொடர்பு வட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் பெயர் இல்லாமலும் வருவார்கள். இரண்டுக்கும் ஒரே மாற்று வழி கூகுள். கம்பெனி பெயரை மட்டும் மாற்றி இதைத் தட்டுங்கள்:

```
site:linkedin.com/in "company name" ("sri city" OR sricity OR tada) quality
```

வரும் முடிவுகளில் தலைப்பு வரி தெரியும். பதவிப் பெயரை மட்டும் குறித்துக்கொள்ள பல நேரம் அதுவே போதும், உள்ளே போக வேண்டியதில்லை.

உள்ளே போகிற இடத்தில் ஒரு விஷயம். நீங்கள் பார்த்தது அவர்களுக்குத் தெரியும். ஒரே சாயங்காலத்தில் ஒரே குவாலிட்டி டிபார்ட்மென்ட்டில் இருபது பேர் பக்கத்துக்குப் போனால், உங்கள் பழைய, இன்னும் திருத்தாத தலைப்பு இருபது பேர் கண்ணில் படும். அதனால் இந்த வேலையைத் தொடங்கும் முன் செட்டிங்ஸில் விசிபிலிட்டிக்குள் போய் புரொஃபைல் வியூயிங் ஆப்ஷன்ஸை பிரைவேட் மோடுக்கு மாற்றிவிடுங்கள். அது இருக்கும் வரை இலவசக் கணக்கில் உங்கள் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, பரவாயில்லை. உங்கள் பக்கத்தைத் திருத்தி முடித்த பிறகு பெயர் தெரியும்படி திரும்ப மாற்றுங்கள். அப்போது ஒரு குவாலிட்டி மேனேஜர் பக்கத்துக்கு நீங்கள் போனால் அவர் திரும்பி வந்து பார்ப்பது உங்கள் புதிய பக்கமாக இருக்கும். இன்னொன்று, புரொஃபைல்களை மொத்தமாக இழுத்துத் தரும் எக்ஸ்டென்ஷன்கள் வேண்டாம். லிங்க்ட்இன் விதிப்படி அவற்றுக்கு அனுமதி இல்லை, கணக்கையே முடக்கிவிடுவார்கள். நாற்பது பேர் என்பது கையால் செய்யக்கூடிய வேலைதான். குறிப்பெடுக்கும் ஷீட்டில் யார் பெயரையும் எழுதிக்கொள்ள வேண்டியதும் இல்லை.

யாரைத் தள்ளுவது என்பது யாரைப் பார்ப்பது என்பதைவிட முக்கியம். ஆலை தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் மேனேஜர்களைத் தள்ளுங்கள். அவர்கள் பக்கம் பல வருஷம் திருத்தப்படாமல் கிடக்கும், அவர்கள் வந்த வழி இன்று இல்லை. காலேஜிலிருந்து நேராக டிரெய்னியாகச் சேர்ந்தவர்களையும் தள்ளுங்கள். அவர்கள் எழுத்து டிரெய்னிங் பாடத்திட்டம் மாதிரி இருக்கும். மூன்றாவதாகத் தள்ள வேண்டியவர்களைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். கம்பெனி பெயரைப் போட்டிருப்பார்கள், ஆனால் சம்பளம் கொடுப்பது மேன்பவர் ஏஜென்சி. அவர்களுக்குக் கம்பெனி பதவிப் பெயரே கொடுத்திருக்காது. தாங்களே ஒன்றைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். பத்துப் பதினொரு மாதத்தில் முடிந்துபோன வேலை, கான்ட்ராக்ட் அல்லது அப்ரன்டிஸ்ஷிப் என்று குறித்திருப்பது, அந்த கம்பெனியில் வேறு யாருமே வைத்திருக்காத ஒரு பதவிப் பெயர் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் அந்தப் பக்கத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் வேலையைக் குறைவாக நினைத்துச் சொல்லவில்லை. நாம் தேடுவது கம்பெனி வைத்த பெயரை, அதற்கு அவர்கள் பக்கம் சாட்சி ஆகாது.

இப்படித் தள்ளியபின் நாற்பதில் இருபது மிஞ்சினால் நல்ல விளைச்சல். ஒரு ஷீட்டில் ஏ காலத்தில், அதாவது முதல் நெடுவரிசையில், பதவிப் பெயரை அவர் எழுதியபடியே போடுங்கள். பிறகு அதை இரண்டாக உடைத்து பி காலத்தில் படிநிலை, சி காலத்தில் வேலை. டி காலத்தில் அவர் அனுபவப் பகுதியில் எழுதியிருக்கும் பெயர்ச்சொற்கள், அதாவது ரிப்போர்ட், தர விதிமுறை, மெஷின், சோதனை. வினைச்சொற்களையும் பெருமைச்சொற்களையும் விட்டுவிடுங்கள். ரிசல்ட் ஓரியன்டட், டீம் பிளேயர் எல்லாம் எல்லோர் பக்கத்திலும் இருக்கும், யாரும் அதைத் தட்டித் தேடுவதில்லை.

உடைப்பதுதான் இதில் உயிரான வேலை. இப்படி எல்லாம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
Engineer - IQC
Sr. Engineer (Supplier Quality)
Asst. Manager - SQA
Senior Engineer, Quality Assurance
Junior Engineer - Line Quality
```

ஐந்தும் ஐந்து பெயராகத் தெரிகிறது. உடைத்துப் பார்த்தால் படிநிலை ஒரே ஏணி: ஜூனியர் இன்ஜினியர், இன்ஜினியர், சீனியர் இன்ஜினியர், அசிஸ்டென்ட் மேனேஜர். சூப்பர்வைசர் என்ற படி அந்த ஏணியிலேயே இல்லை. வேலைப் பக்கம் பார்த்தால், குவாலிட்டி அஷ்யூரன்ஸ் என்ற பொதுப் பெயர் போக, மூன்று குடும்பம்: உள்ளே வரும் பொருளைச் சோதிப்பது, சப்ளையரைக் கவனிப்பது, லைனில் தரம் பார்ப்பது. எது எத்தனை முறை வருகிறது என்று எண்ண ஷீட்டிலேயே ஒரு சூத்திரம் போதும்:

```
=COUNTIF(C:C,"*supplier*")+COUNTIF(C:C,"*SQA*")
```

ஒரே கலத்தில் இரண்டு சொல்லும் இருந்தால் இரண்டாக எண்ணிவிடும், அதைக் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். நாலைந்து பேருக்கு மேல் சொல்லும் பெயரைக் கம்பெனியின் பெயர் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒருவர் மட்டும் வைத்திருக்கும் பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கடைசியாக, அந்த கம்பெனி சமீபத்தில் போட்ட வேலை விளம்பரம் இரண்டு மூன்றை எடுத்து அதே சொற்கள் அங்கேயும் வருகின்றனவா என்று பாருங்கள். விளம்பரம் எழுதியது எச்ஆர், புரொஃபைல் எழுதியது ஊழியர். இரண்டிலும் வரும் சொல்தான் உறுதியான சொல்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏணியில் உங்கள் இடம் எது என்பதை வருஷத்தை வைத்துப் பாருங்கள். டிப்ளமா முடித்து நாலு வருஷம் ஆனவர் அங்கே எந்தப் படியில் இருக்கிறார்? உங்கள் ஷீட்டில் டிப்ளமாக்காரர்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். பி.இ. முடித்தவர் சீனியர் இன்ஜினியர் ஆகும் வருஷத்தில் டிப்ளமா முடித்தவர் இன்ஜினியராகவோ ஜூனியர் இன்ஜினியராகவோ இருக்கலாம். சின்ன கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர் என்று இருந்தவர் பெரிய கம்பெனிக்குள் சீனியர் இன்ஜினியராகப் போனதையும் நீங்கள் பார்ப்பீர்கள். பெயரில் இறங்கியிருப்பார், சம்பளத்திலும் வேலையிலும் ஏறியிருப்பார். எந்தப் படிக்கு விண்ணப்பிப்பது என்று இதிலிருந்து தெரிந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அசிஸ்டென்ட் மேனேஜர் விளம்பரத்துக்கே திரும்பத் திரும்ப விண்ணப்பித்து, பதிலே வரவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்களைப் பார்க்க மனசு கஷ்டப்படுகிறது.

அடுத்து வேலைக் குடும்பம். மூன்றில் உங்களுக்கு எது? பெரும்பாலானவர்கள் லைன் குவாலிட்டி என்பார்கள், ஏனென்றால் இப்போது செய்வது ஷாப் ஃப்ளோரில். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏசி ஆலையின் லைனில் தரம் என்றால் செம்புக் குழாய் பிரேசிங், கேஸ் கசிவுச் சோதனை, ஓடவிட்டுப் பார்க்கும் சோதனை. இவற்றில் உங்களுக்கு அனுபவம் இல்லை. ஆனால் அதே ஆலை வெளியிலிருந்து வாங்கும் பாகங்கள் ஏராளம்: தகட்டு பாகம், பிளாஸ்டிக் மோல்டிங், மோட்டார், காஸ்டிங். அதைப் பார்ப்பவர்கள்தான் ஐக்யூசி, எஸ்க்யூஏ என்று உங்கள் ஷீட்டில் வந்தவர்கள். நீங்கள் நாலு வருஷமாக உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு எதிர் நாற்காலியில். வாடிக்கையாளரின் எஸ்க்யூஏ ஆள் உங்கள் கம்பெனிக்கு ஆடிட் வரும்போது ஃபைலைக் காட்டியது நீங்கள். காஸ்டிங்கில் பொரோசிட்டி என்று புகார் வந்தால் எய்ட் டி ரிப்போர்ட் எழுதி அனுப்பியது நீங்கள். ஒரு சப்ளையர் எந்த இடத்தில் ரிப்போர்ட்டைச் சும்மா நிரப்புவான் என்று உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு, காலேஜிலிருந்து நேராக அங்கே போனவருக்குத் தெரியாது.

இது என் ஊகம் மட்டும்தானா என்று சரிபார்க்கத்தான் அந்த ஐந்தாறு புரொஃபைல்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், கும்மிடிப்பூண்டி என எங்கேயாவது காஸ்டிங், ஸ்டாம்பிங், மோல்டிங் கம்பெனியில் இருந்துவிட்டு அங்கே போனவர்களைப் பிடியுங்கள். அவர்கள் எந்தக் குடும்பத்துக்குள் நுழைந்தார்கள்? தங்கள் பழைய கம்பெனி வேலையை எந்தச் சொற்களில் எழுதியிருக்கிறார்கள்? இந்த இரண்டாவது கேள்விக்கான பதில் தங்கம். ஏனென்றால் நீங்கள் செய்யும் அதே வேலையை, போக நினைக்கும் இடத்தின் மொழியில் ஏற்கெனவே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அவர் அந்த வரிகளை வேலை கிடைத்த பிறகு திருத்தியிருக்கலாம். வேலை அந்த வரிகளால் கிடைத்திருக்காமல் தெரிந்தவர் மூலமாகவும் கிடைத்திருக்கலாம். அதனால் ஒருவர் எழுதியதைச் சாவி என்று நினைக்காமல், ஐந்தாறு பேரிலும் பொதுவாக வருவதை மட்டும் எடுங்கள்.

சரி, எழுதுவோம். உங்கள் தலைப்பு வரி இப்போது அநேகமாகப் பதவியும் கம்பெனி பெயரும் மட்டும்தான். லிங்க்ட்இன் அங்கே 220 எழுத்து வரை இடம் தருகிறது. இப்படி ஆகலாம்:

```
QC Supervisor | Incoming & Supplier Quality, Aluminium Die Casting | 8D, PPAP, MSA
```

பதவி உண்மையானது, முதலிலேயே நிற்கிறது. அதை அடுத்து அந்த கம்பெனி தேடும் வேலைக் குடும்பம். பிறகு எந்தப் பொருள், எந்தக் கருவிகள். இன்ஜினியர் என்ற சொல் இங்கே இல்லையே என்று நினைப்பீர்கள். அதற்கான இடம் வேறு: ஓப்பன் டு ஒர்க் என்ற அமைப்பில் நீங்கள் தேடும் பதவிகள் என்று ஐந்து வரை போடலாம். அங்கே குவாலிட்டி இன்ஜினியர், சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர் என்று உங்கள் ஷீட்டில் அதிகம் வந்தவற்றைப் போடுங்கள். அது நீங்கள் விரும்பும் வேலை, வகித்த பதவி என்று உரிமை கோருவதில்லை, அதனால் பொய்யும் இல்லை. தட்டும்போது கீழே விரியும் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுங்கள். ஊர் கேட்கும் இடத்தில் சென்னையையும் திருப்பதியையும் சேர்த்துப் போடுங்கள். ஆள் எடுக்கிறவர் எந்த ஊரைத் தட்டினாலும் வர வேண்டும்.

அனுபவப் பகுதியில் பதவிப் பெட்டிக்குள் ஆர்டர் லெட்டரில் உள்ளதையே எழுதுங்கள், பக்கத்தில் வேலைப் பகுதியைச் சேர்க்கலாம்:

```
QC Supervisor - Incoming & In-process Quality
```

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் ஆஃபர் கொடுக்கும்போது வெளி ஏஜென்சி வைத்துச் சரிபார்ப்பார்கள். அவர்கள் உங்கள் பழைய கம்பெனி எச்ஆருக்கு எழுதிப் பதவி என்ன, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கேட்பார்கள். தேதியை பிஎஃப் யூஏஎன் கணக்கிலும் பார்த்துவிடலாம். எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது அங்கே பதிவாகி இருக்கும். பதவிப் பெயர் பிஎஃப்பில் இருக்காது என்பதால் சிலர் அதை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். எச்ஆர் பதில் கடிதத்திலும் ரிலீவிங் லெட்டரிலும் அது வந்து நிற்கும். குவாலிட்டி இன்ஜினியர் என்று எழுதி, கடிதத்தில் க்யூசி சூப்பர்வைசர் என்று வந்தால், ஏஜென்சி அதை முரண்பாடு என்று குறித்து அனுப்பும். பழைய கம்பெனியில் ராஜினாமா கொடுத்துவிட்டு நிற்கும் நேரத்தில் அப்படி ஒரு குறிப்பு வருவது பெரிய வேதனை. கோடு போட்டு வேலைப் பகுதியைச் சேர்ப்பதில் இந்த ஆபத்து இல்லை, அந்த வேலையை நீங்கள் உண்மையில் செய்திருக்கும் வரை.

கீழே விவரிக்கும் வரிகளில்தான் நீங்கள் சேகரித்த டி காலம் பயன்படுகிறது. பலர் பக்கத்தில் இருப்பது தரப் பரிசோதனைக்குப் பொறுப்பு, ரிப்போர்ட் தயாரிப்பு என்கிற மாதிரி ஒரு வரி. அது உப்பில்லாத கஞ்சி. அதை இப்படி விரிக்கலாம்:

```
- Incoming inspection of ingots and bought-out inserts; spectro report checked against spec
- 8D for customer complaints on porosity; closed with customer SQA
- Gauge R&R and calibration plan for shop-floor gauges
```

ஒவ்வொரு வரியிலும் ஒரு பொருள், ஒரு வேலை, அங்கே புழங்கும் ஒரு பெயர். மூன்றாவது வரியைச் செய்யாதவர் அதை எழுதக் கூடாது. செய்தோமா இல்லையா என்று உங்களுக்கே சந்தேகம் என்றால் ஒரு சோதனை சொல்கிறேன்: இன்டர்வியூவில் அந்த ஒரு சொல்லைப் பிடித்து பத்து நிமிஷம் கேட்டால் தாங்குமா? கேஜ் ஆர் அண்ட் ஆர் என்று எழுதினால், எத்தனை ஆள், எத்தனை பீஸ், எத்தனை முறை அளந்தீர்கள் என்று கேட்பார்கள். விழுக்காடு என்ன வந்தது என்பார்கள். 10க்குக் கீழே என்றால் ஏற்கலாம், 10லிருந்து 30 வரை நிலைமையைப் பொறுத்து, 30க்கு மேலே என்றால் அந்த அளவுமுறையை ஏற்க முடியாது என்பது தெரிந்திருக்க வேண்டும். 30க்கு மேலே வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்ல உங்களிடம் ஒரு நடந்த கதை இருக்க வேண்டும். எய்ட் டி என்று எழுதினால், உடனடியாகச் சரக்கைத் தடுத்து நிறுத்தியதற்கும் மூல காரணம் கண்டுபிடித்ததற்கும் நடுவே என்ன நடந்தது என்று கேட்பார்கள். பிபேப் ஃபைலுக்குப் பேப்பர் எடுத்துக் கொடுத்தது மட்டும் உங்கள் வேலை என்றால் தயாரித்தேன் என்று எழுதாமல் உதவினேன் என்று எழுதுங்கள். அப்படி எழுதினாலும் தேடலில் அந்தச் சொல் கிடைக்கத்தான் போகிறது, உங்கள் வாய்ப்பு குறைந்துவிடாது.

வாக்கியங்களை அப்படியே எடுக்கலாமா என்று நேரடியாகக் கேட்கவில்லை என்றாலும் "அதே மாதிரி" என்ற சொல்லில் அந்தக் கேள்வி இருக்கிறது. வேண்டாம். அங்கே குவாலிட்டி மேனேஜர் தன் கீழே வேலை செய்பவர் எழுதியதை உங்கள் பக்கத்திலும் படித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பெயர்ச்சொற்கள் யாருக்கும் சொந்தமில்லை. அவற்றைச் சுற்றியுள்ள வாக்கியம் ஒருவருக்குச் சொந்தம்.

திறமைப் பட்டியலில் அதிகம் யோசிக்க வேண்டாம். டி காலத்தில் அதிகம் வந்து, உங்களுக்கும் தெரிந்ததை மேலே கொண்டுவாருங்கள். ஒன்று மட்டும் விட்டுவிடாதீர்கள்: மொழிகள் பகுதி. அங்கே வேலை செய்கிறவர்கள் பக்கத்தைப் பார்க்கும்போது தமிழ், தெலுங்கு, இந்தி, சிலரிடம் ஜப்பானிய மொழித் தேர்வு என்று வருகிறதா என்று கவனியுங்கள். எல்லைப் பகுதி ஆலையில் லைனில் நிற்பவர்களில் தெலுங்கு பேசுகிறவர்களும் தமிழ் பேசுகிறவர்களும் கலந்துதான் இருப்பார்கள். சப்ளையர்களில் நிறையப் பேர் சென்னைப் பக்கம். சத்தியவேட்டில் வளர்ந்த உங்களுக்கு இரண்டும் தாய்வீட்டு மொழி மாதிரி. நம் ஆட்கள் இதைச் சொல்ல வேண்டிய தகுதியாகவே நினைப்பதில்லை, அது எனக்கு எப்போதும் ஆற்றாமை. சப்ளையரிடம் தமிழில் பேசி, லைனில் தெலுங்கில் விளக்கக்கூடிய ஒருவர் அந்த மேனேஜருக்கு எவ்வளவு வசதி என்று யோசியுங்கள்.

மாற்றத் தொடங்கும் முன் உங்கள் இப்போதைய கம்பெனி விஷயம். பதவிப் பகுதியைத் திருத்தும்போது நெட்வொர்க்குக்குத் தெரிவிக்கவா என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். ஓப்பன் டு ஒர்க்கை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வையுங்கள். போட்டோவைச் சுற்றி வரும் பச்சை வளையம் வேண்டாம். உங்கள் கம்பெனி ரெக்ரூட்டர்களிடமிருந்து மறைக்கப் பார்ப்போம், ஆனால் முழு உத்தரவாதம் இல்லை என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது. அதனால் உங்கள் முதலாளி பார்த்தாலும் சங்கடப்படாத மாதிரியே எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் ரிஜெக்ஷன் எண்களையும் பொதுவில் போட வேண்டாம். அதெல்லாம் நேரில் பேச வேண்டியவை, அங்கேயும் கம்பெனி ரகசியம் காத்துத்தான்.

திருத்தியபின் பலன் தெரிகிறதா என்று பார்க்க உங்கள் பக்கத்தில் சர்ச் அப்பியரன்ஸ் என்ற எண் இருக்கிறது. அதைத் திறந்தால் உங்களைத் தேடலில் கண்டவர்கள் எந்த கம்பெனி, என்ன வேலை என்று ஓரளவு காட்டும். மூன்று நான்கு வாரம் விட்டுப் பாருங்கள். எண் கூடியும் ரெக்ரூட்டர் யாரும் அதில் இல்லை என்றால் சொற்கள் தவறான ஆட்களை இழுக்கின்றன, தலைப்பில் வேலைக் குடும்பத்தின் பெயரைத் திரும்பப் பாருங்கள். ரெக்ரூட்டர்கள் வந்தும் யாரும் பேசவில்லை என்றால் தேடலில் கிடைக்கிறீர்கள், படித்தபின் விடுகிறார்கள். அப்போது திருத்த வேண்டியது அனுபவ வரிகளை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எது வேலை செய்தது என்று தெரியாது. நௌக்ரியில் இருக்கும் ரெஸ்யூமேயிலும் அதே தலைப்பு, அதே வரிகள் இருக்கட்டும். ஆலை வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் பலர் அங்கேதான் முதலில் பார்க்கிறார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்களும் உண்டு.

அந்த ஐந்தாறு பேரில் கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து போனவர் ஒருவராவது இருந்தால், பக்கம் தயாரான பிறகு அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். வேலை வாங்கித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். "நீங்களும் சப்ளையர் பக்கமிருந்து போயிருக்கிறீர்கள் சார், அங்கே ஐக்யூசியும் எஸ்க்யூஏவும் ஒரே டீமா, தனித்தனியா?" என்று கேளுங்கள். புரொஃபைலில் தெரியாத விஷயம் அது, உள்ளே இருக்கிறவருக்கு அரை நிமிஷத்தில் சொல்லக்கூடிய பதில். இரண்டும் ஒரே டீம் என்றால் தலைப்பில் இரண்டையும் அப்படியே வையுங்கள். தனித்தனி என்றால் எது உங்களுக்கு என்று முடிவு செய்து அதை மட்டும் முன்னால் வையுங்கள்.